வரிக்கு வரி மறுமொழி: நியூயார்க் ராப் சொற்போர்களில் நகையும் வன்மமும் (1981–1987)

ஆய்வுச்சுருக்கம்

ராப் சொற்போரில் ஒருவர் பாடிய வரிகளுக்கு எதிராளி பாடும் மறுமொழி, நகையாக நிற்பதும் வன்மமாக மாறுவதும் எதனால் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. நியூயார்க் நகரில் 1981, 1984, 1987 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று மறுமொழிகள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மறுமொழியின் தன்மையைத் தீர்மானிப்பது சொல்லின் கடுமை அன்று. அச்சொல் எதிராளியின் கூற்றைத் தொடுகின்றதா, அவர் வாழ்க்கையைத் தொடுகின்றதா என்பதே என்னும் கருத்து இங்கு நிறுவப்படுகின்றது. இறுதியில், அவ்வகை மறுமொழி உருவாகும் முறை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்கப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: ராப் சொற்போர், எதிர்ப்பாட்டு, டசன்ஸ், சடங்கு வசை, ராக்ஸான் ஷாண்டே, குயின்ஸ்பிரிட்ஜ்

முன்னுரை

ராப் சொற்போர் என்பது இருவர் தாளத்திற்கு இயைந்து மாறிமாறிப் பாடி, அவையோரின் ஆரவாரத்தால் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டியாகும். முதலில் பாடுபவர் தம்மை உயர்த்தியும் எதிராளியைத் தாழ்த்தியும் பாடுவார். அடுத்துப் பாடுபவருக்கு இரு வழிகள் உள்ளன. முன்னரே எழுதி வைத்த வசையை அவர் ஒப்பிக்கலாம். அல்லது சற்றுமுன் தாம் கேட்ட வரிகளையே எடுத்துத் திருப்பலாம். இரண்டாம் வழியே எதிர்ப்பாட்டு எனத் தக்கது.

இவ்வகைப் பாட்டை வெறும் வசையெனக் கருதி ஒதுக்குவோர், அதற்குள் இயங்கும் ஒழுங்கைக் காணத் தவறுகின்றனர். கடுஞ்சொல் பொழிந்த பின்னும் நண்பர்களாகவே பிரிந்தவர்கள் உண்டு. ஒரே ஒரு வரியால் நெடுநாள் புண்பட்டவர்களும் உண்டு. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டசன்ஸ்: பொய்யாக இருக்க வேண்டிய வசை

ராப் சொற்போருக்கு முன்னோடியாகக் கருதப்படுவனவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் 'டசன்ஸ்' என்னும் சொல்விளையாட்டு. ஒருவன் மற்றவனின் தாயையோ குடும்பத்தையோ இழித்துக் கூற, மற்றவன் அதனினும் மிகையான ஒன்றைச் சொல்லித் திருப்புவான். சூழ நிற்பவர்களே நடுவர்கள். சினம் கொண்டு கையை ஓங்கியவன் தோற்றவனாவான்.

மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் ஹார்லெம் பகுதிச் சிறுவர் குழுக்களிடையே இவ்விளையாட்டைப் பதிவுசெய்து ஆராய்ந்து, அதன் விதிகளை 1972இல் வெளியிட்டார். அவர் கண்ட அடிப்படை விதி வியப்பளிப்பது. சடங்காகச் சொல்லப்படும் வசை, பொய்யென்று அனைவருக்கும் தெரிந்ததாக இருத்தல் வேண்டும். நடக்கவே இயலாத ஒன்றைச் சொன்னால் அது விளையாட்டு. அதற்கு விடையாக மற்றொரு வசை வரும். உண்மையாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொன்னால் அது தனிமனிதத் தாக்குதல். அதற்கு விடையாக வசை வராது, மறுப்பே வரும். ஒரு சிறுவனின் குடும்பத்தில் ஒருவர் உண்மையிலேயே திக்கிப் பேசுபவர் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுட்டினால், அவன் நகைச்சுவையைக் கைவிட்டு 'அப்படி இல்லை' என்று வழக்காடத் தொடங்குவான். விளையாட்டு அவ்விடத்தில் அறுந்துபோகும்.

இவ்விதியிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். ஒன்று, மிகையென்பது இங்கு வெறும் அணி அன்று. அது எதிராளியைக் காக்கும் கவசம். மற்றொன்று, மறுப்பு என்பது தோல்வியின் அடையாளம். 'நான் அப்படிப்பட்டவன் அல்லன்' என்று பாடத் தொடங்கியவர், அக்குற்றச்சாட்டுக்கு உண்மையின் தகுதியைத் தாமே தந்துவிடுகின்றார்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கின்றது. அது வசை வெளிப்படையாக நிற்கின்றதா மறைந்து நிற்கின்றதா என்னும் நோக்கில் அமைந்த பகுப்பு. இங்கு நமக்கு வேண்டுவது வேறொரு நோக்கு: வசை எவ்வாறு சொல்லப்படுகின்றது என்பதினும், எதன்மேல் விழுகின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஹார்லெம் வேர்ல்டு, 1981

1981ஆம் ஆண்டு டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்டு என்னும் அரங்கில் பிஸி பீ என்பவருக்கும், ட்ரெச்சரஸ் த்ரீ குழுவைச் சேர்ந்த கூல் மோ டீ என்பவருக்கும் சொற்போர் நிகழ்ந்தது. பிஸி பீ கூட்டத்தை ஆட்டிவைப்பதில் வல்லவர். பொருளற்ற ஓசைச் சொற்களை அடுக்கிக் கூட்டத்தைத் திரும்பச் சொல்லவைப்பதும், பார்வையாளர்களிடம் அவரவர் ராசியைக் கேட்டு ஆரவாரம் எழுப்புவதும் அவர் வழக்கம். அவ்விரவிலும் தம்மை வெல்ல ஒருவரும் இல்லை என்னும் பெருமிதத்தோடு பாடி முடித்தார்.

அடுத்து வந்த கூல் மோ டீ, எதிராளி கையாண்ட உத்திகளையே பொருளாக எடுத்துக்கொண்டார். அந்த ஓசைச் சொற்களைப் பாடிக்காட்டிப் பகடி செய்தார். விருந்துக்கு விருந்து அதே ராசிக் கேள்வியைக் கேட்பதைச் சுட்டினார். பிஸி பீ தம் பெயருடன் சேர்த்துக்கொண்ட 'ஸ்டார்ஸ்கி' என்னும் பின்னொட்டு, லவ்பக் ஸ்டார்ஸ்கி என்னும் மூத்த கலைஞரின் பெயரிலிருந்து எடுத்தது என்று இடித்துரைத்தார்.

அப்பாட்டில் அவையில் சொல்லத்தகாத சொற்கள் பல உள்ளன. ஆயினும் அதன் இலக்குகளை உற்று நோக்கினால், இம்மூன்றும் மேடைத்தொழிலைச் சார்ந்தவை என்பது புலப்படும். பாடும் முறை, கூட்டத்தை ஈர்க்கும் முறை, மேடைப்பெயர் ஆகிய இவற்றை ஒருவர் தாமே தேர்ந்தெடுக்கின்றார். வேண்டுமெனில் நாளையே மாற்றிக்கொள்ளவும் இயலும். சொல் கொச்சையாக இருந்தும் தாக்கு தொழிலின் எல்லைக்குள் நின்றது. கொச்சைத்தன்மையும் கொடுமையும் வேறுவேறு என்பதற்கு இது தக்க சான்று. இந்நிகழ்வின் ஒலிநாடா கைமாறிக் கைமாறிப் பரவியது. கூட்டத்தை மகிழ்விப்பதினும் வரிகளின் கூர்மையே பெரிது என்னும் புதிய அளவுகோலை நிலைநாட்டிய நிகழ்வாக, ராப் வரலாற்றாளர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

ராக்ஸானின் மறுமொழி, 1984

1984இல் யூ.டி.எஃப்.ஓ. என்னும் புரூக்ளின் குழு 'ராக்ஸான், ராக்ஸான்' என்னும் பாட்டை வெளியிட்டது. கங்கோல் கிட், எஜுகேட்டட் ராப்பர், டாக்டர் ஐஸ் ஆகிய மூவரும் ராக்ஸான் என்னும் கற்பனைப் பெண்ணை அணுகித் தோற்ற கதையை ஒருவர்பின் ஒருவராகப் பாடுவதாக அது அமைந்தது. மூவரும் தம் பெருமையைச் சொல்கின்றனர். தம்மை ஏற்காத அப்பெண்ணைச் செருக்கு மிக்கவள் என்கின்றனர். ஆனால் அப்பாட்டில் ராக்ஸானுக்குக் குரல் இல்லை.

அக்குழு தாம் இசைந்த ஒரு நிகழ்ச்சிக்கு வராமற்போனது. அதனால் வானொலி அறிவிப்பாளர் மிஸ்டர் மேஜிக்கும் அவருடன் பணியாற்றிய மார்லி மார்லும் மனக்குறை கொண்டிருந்தனர். குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த லொலிட்டா ஷாண்டே குடன் என்னும் பதின்ம வயதுச் சிறுமி, ராக்ஸானாக நின்று தான் விடை பாடுவதாக முன்வந்தாள். மார்லி மார்லின் வீட்டில், யூ.டி.எஃப்.ஓ. பாட்டின் பின்னணித் தாளத்தின்மீதே அவள் எழுதி வைக்காமல் பாடிய மறுமொழி பதிவாயிற்று. 'ராக்ஸானின் பழிவாங்கல்' எனப் பொருள்படும் தலைப்பில் அது இசைத்தட்டாக வெளிவந்தது. அவளும் ராக்ஸான் ஷாண்டே எனப் பெயர் பெற்றாள்.

இம்மறுமொழியின் ஆற்றல் அதன் கட்டமைப்பில் உள்ளது. மூல பாட்டில் மூவர் பேசினர்; விடையும் மூவரையும் தனித்தனியே எடுத்துக்கொள்கின்றது. தொப்பி நிறுவனம் ஒன்றின் பெயரைத் தன் பெயராகச் சூடியவனைச் சந்தித்ததாகச் சொல்லி, கங்கோல் கிட்டின் பெயரையே நகைப்பொருளாக்குகின்றது. அவன் தன்னிடம் வேலை பார்த்திருந்தால் நீக்கப்பட்டிருப்பான் என்றும் கேலி செய்கின்றது. மூவரும் பெருமையாகச் சொன்னவை அனைத்தும் கேட்டவளின் நோக்கில் சிறுத்துப்போகின்றன. அவர்கள் சொன்ன கதையை அவள் மறுக்கவில்லை. அதே கதையை மறுபக்கத்திலிருந்து சொல்கின்றாள். லபோவ் கண்ட விதிப்படி இதுவே வலிய விடை. 'நான் செருக்குடையவள் அல்லள்' என்று பாடியிருந்தால் அது வெறும் தன்னிலை விளக்கமாக முடிந்திருக்கும்.

அதனைக் குறையற்ற மாதிரி எனக் கூறல் பொருந்தாது. கங்கோல் கிட்டிடம் பணமில்லை என்னும் கேலி எல்லைக்கு மிக அருகில் செல்கின்றது. வறுமை ஒருவர் தேர்ந்தெடுத்தது அன்று. எனினும், இல்லாத ஒரு பெண்ணை மூவர் சூழ்ந்துவரும் கற்பனைக் கதைக்குள் அது சொல்லப்படுவதால், வாழும் மனிதரின் வறுமையாக அது கேட்பவர் செவியில் படுவதில்லை. ராக்ஸான் என்னும் கற்பனையே இரு தரப்புக்கும் கவசமாயிற்று.

இக்கவசம் இருந்தமையாலேயே தொடர்ந்து பலர் விளையாட்டில் இணைய முடிந்தது. ராக்ஸானின் பெற்றோர், சகோதரி, மருத்துவர் எனப் பலர் பெயரால் இசைத்தட்டுகள் வெளிவந்தன. 'இனி ராக்ஸான் வேண்டாம்' என்று கெஞ்சும் தட்டும் வந்தது. இவற்றுள் ஸ்பார்க்கி டி என்னும் இளம்பெண் பாடியது வேறுபட்டது. அது கற்பனை ராக்ஸானை விட்டு ஷாண்டேயையே நேர்நின்று எதிர்த்தது. பகையாக முற்றியிருக்கக்கூடிய அப்போட்டியும் 1985இல் இருவரும் இணைந்து வெளியிட்ட இசைத்தட்டாக வடிவெடுத்தது. குத்துச்சண்டையின் முதற்சுற்று என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டனர். மோதலைச் சுற்றுகளாக எண்ணத் தொடங்கும்போதே அதற்கு ஒரு முடிவும் உண்டென்பது உணர்த்தப்படுகின்றது.

வரியை விட்டு விலகிய வசை, 1987

மூன்றாம் நிகழ்வு இவற்றுக்கு மாறானது. குயின்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த எம்.சி. ஷான், தம் குடியிருப்பில் ராப் எவ்வாறு தோன்றியது என்பதைச் சொல்லும் 'தி பிரிட்ஜ்' என்னும் பாட்டை 1986இல் பாடினார். கே.ஆர்.எஸ்.-ஒன் தலைமையிலான பூகி டவுன் புரொடக்ஷன்ஸ் குழு, ஹிப் ஹாப் கலையே அங்குதான் பிறந்தது என்று ஷான் உரிமை கோருவதாக அதற்குப் பொருள் கொண்டது. தாம் கூறியது தம் வட்டாரத்தின் தொடக்கம் மட்டுமே என்பது ஷானின் நிலைப்பாடு. எதிராளியின் வரியைத் தவறாகக் கேட்டால், அவர் சொல்லாத ஒன்றுக்கு விடை பாட நேரும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் பிரான்க்ஸ் தரப்பின் முதல் விடையான 'சவுத் பிரான்க்ஸ்' ஒரு வாதத்தை முன்வைத்தது. கலையின் தொடக்க காலக் கலைஞர்களையும் இடங்களையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, பிறப்பிடம் தம் பகுதியே என்று நிறுவ முயன்றது. ஒரு கூற்றுக்கு எதிராக மற்றொரு கூற்று என்னும் முறை அங்கே காக்கப்பட்டது. 1987இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்' அதனைக் கடந்தது. அதன் ஓரிடத்தில், ராக்ஸான் ஷாண்டேயைக் குறித்துப் பாலியல் இழிவுரை ஒன்று இடம்பெற்றது.

இவ்வரியை முந்தைய இரு நிகழ்வுகளோடு ஒப்பிட்டால் அதன் குறை விளங்கும். பிறப்பிடம் பற்றிய அவ்வழக்கைத் தொடங்கிய வரி ஷாண்டேயினது அன்று. ஆகவே அவ்வசை எந்த வரிக்கும் விடையாகவில்லை. அது சுட்டியது கற்பனைப் பாத்திரத்தையோ மேடை உத்தியையோ அன்று; பதின்ம வயதைக் கடக்காத ஒரு பெண்ணின் உடலை. மிகையென்று அனைவரும் உணரக்கூடிய வடிவமும் அதற்கு இல்லை. அப்பாட்டின் இசையும் வேகமும் இன்றளவும் போற்றப்படுகின்றன. அவற்றால் அந்த ஒரு வரி எதிர்ப்பாட்டாகிவிடாது. பிற்காலத்தில் கே.ஆர்.எஸ்.-ஒன்னும் குயின்ஸ்பிரிட்ஜ் தரப்பின் மார்லி மார்லும் இணைந்து 2007இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். பிறப்பிட வழக்கில் மோதியவர்கள் கைகோக்க முடிந்தது. வழக்கில் பேசாத பெண்மேல் விழுந்த வரி மட்டும் ஒலித்தட்டில் அப்படியே நிற்கின்றது.

ஓர் எதிர்ப்பாட்டின் ஆக்கமுறை

மேற்கண்ட வேறுபாட்டை ஆக்கத்தின் பக்கமிருந்தும் சோதிக்கலாம். விளக்கத்தின் பொருட்டு இக்கட்டுரையில் அமைத்துக்கொண்ட நான்கு வரிகளை எதிராளி பாடுவதாகக் கொள்வோம்.

என்சொல் இடிமுழக்கம், உன்நெஞ்சில் நடுக்கம்;
நான்நிற்கும் மேடையில் உன்பாட்டு முடக்கம்.
பத்துநாள் உறங்காமல் எழுதிய பாட்டு;
பதிலொன்று இருந்தால் இப்போது காட்டு.

விடை பாடுபவர் முதலில் செய்ய வேண்டுவது, எதிராளி தம்மைப் பற்றித் தாமே சொன்னவற்றைப் பிரித்தெடுப்பதாகும். இங்கு இடிமுழக்கம், மேடை ஆளுமை, பத்து நாள் விழிப்பு என மூன்று பெருமிதங்கள் உள்ளன. 'உன்நெஞ்சில் நடுக்கம்' என்பது விடை பாடுபவரைப் பற்றியது. அதைத் தொட்டால் 'நான் நடுங்கவில்லை' என்னும் மறுப்பில் சென்று முடியும். எனவே அது கைவிடத் தக்கது. எஞ்சியவற்றுள் இடியும் விழிப்பும் வளமானவை. ஏனெனில் அவ்விரண்டுக்கும் தொடர்விளைவு உண்டு. இடித்தால் மழை வரவேண்டும். விழித்து எழுதினால் பிறரை விழிக்கவைக்கவேண்டும். அவ்விளைவு நிகழவில்லை எனக் காட்டுவதே விடையாகின்றது.

இடிமுழக்கம் என்றதும் குடையோடு வந்தேன்;
துளியொன்றும் விழவில்லை, மடக்கியே நின்றேன்.
பத்துநாள் உறங்காமல் நீசெய்த பாட்டு
பத்தே நொடியில் அவைக்கொரு தாலாட்டு.
விழித்தது போதும், இன்றிரவு தூங்கு;
விடிந்ததும் மேடையில் உன்பங்கை வாங்கு.

இவ்விடையில் எதிராளியின் 'பத்து' என்னும் எண்ணும் 'பாட்டு' என்னும் இயைபுச்சொல்லும் அப்படியே திரும்புகின்றன. தாம் பாடிய சொல் மீண்டும் ஒலிக்கும்போது அவை செவி சாய்க்கும்; அதே இயைபில் 'தாலாட்டு' வந்து விழும்போது நகை எழும். வலிய அடி இரண்டாம் இணையின் ஈற்றில் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், முதல் இணை கேட்பவரை இம்முறைக்குப் பழக்க வேண்டியிருப்பதே. இறுதி இணை எதிராளியை மேடையிலிருந்து துரத்தவில்லை. மறுநாள் அவர் பங்கை அவரிடமே தருகின்றது.

இதே இடத்தில் இருவகைப் பிழைகள் நேரலாம். 'உன் இடியினும் என் இடி பெரிது' என்று பாடினால் அது விடையாகாது; பெருமிதத்தின் அளவு மட்டுமே கூடும். எதிராளியின் வரிகளை நீக்கிவிட்டுப் படித்தாலும் ஒரு வரி முழுப்பொருள் தருமாயின், அது வேறு எவருக்கும் பாடக்கூடிய பொதுவசை என்று அறியலாம். தாலாட்டு வரி அத்தகையது அன்று. பத்து நாள் விழித்தேன் என்று ஒருவர் சொல்லாதவரை அதற்குப் பொருளில்லை.

இரண்டாம் பிழை இதனினும் கொடியது. 'வேலையற்றவனுக்குப் பத்து நாள் விழிப்பது அரிதா?' என்று பாடுவதாகக் கொள்வோம். இதுவும் எதிராளியின் பத்து நாளையே பற்றுகின்றது, நகையும் உண்டு. ஆனால் அவர் உண்மையிலேயே வேலையிழந்தவராயின், லபோவ் சுட்டிய எல்லை இங்கே மீறப்படுகின்றது. அவையில் சிரிப்புக்கு முன் ஒரு தயக்கம் தோன்றும். பலர் பாடியவரை நோக்காமல் பாடப்பட்டவரின் முகத்தை நோக்குவர். அதன்பின் அவர் தரும் விடை பாட்டாக இராது. விளக்கமாகவோ சினமாகவோ இருக்கும். தாலாட்டு வரிக்கோ அவர் எளிதில் விடை தரலாம்: தூங்கியவர் எவ்வாறு பாட்டைக் கேட்டுக் குறை சொல்ல முடியும் என்று கேட்டால் போதும். எதிராளிக்கு அடுத்த அடி எடுக்க இடம் வைத்திருக்கும் வரியே நட்பின் எல்லைக்குள் நிற்கும் வரி.

முடிவுரை

மூன்று நிகழ்வுகளையும் ஒப்பிட்டதில், எதிர்ப்பாட்டின் நட்புத்தன்மை மென்மையான சொல்லால் வருவது அன்று என்பது பெறப்படுகின்றது. 1981இன் பாட்டு கொச்சையானது. எனினும் மேடைத்தொழிலோடு நின்றது. 1984இன் பாட்டு எள்ளல் மிக்கது. எனினும் கற்பனைக் கதைக்குள், மூவர் சொன்னவற்றுக்கு முறையே விடையாக அமைந்தது. 1987இன் பாட்டோ ஓரிடத்தில் வரியை விட்டு விலகி, அவ்வழக்கைத் தொடங்காத ஒருத்தியின் மேல் பாய்ந்தது.

ஆகவே எதிர்ப்பாட்டை மதிப்பிடும் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்பலாம். இவ்வரி எந்த வரிக்கு விடை? இது சுட்டுவது எதிராளி தாமே மேடையில் வைத்த கூற்றையா, அவர் தேர்ந்தெடுக்காத வாழ்நிலையையா? இதற்கு அவர் பாட்டாலேயே விடை தர இயலுமா? இவ்வினாக்கள் பதிவான பாடலை மட்டும் கொண்டு முற்றிலும் விடை காணத்தக்கவை அல்ல. ஒரு வரி மிகையா உண்மையா என்பது, பாடப்பட்டவரின் வாழ்நிலையை அவை எந்த அளவு அறிந்திருந்தது என்பதைப் பொறுத்தது. எனவே சொற்போர்ப் பாடல்களைத் தொகுப்போர், பாட்டுக்கு முன்வந்த பாட்டையும் அவை எழுப்பிய ஒலியையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும். வினா இல்லாமல் விடையை மட்டும் அச்சிட்டால், நகையாகப் பிறந்த வரியும் வன்மமாகவே படிக்கப்படும்.